அணியில் நான்கு பேர், பூட்டில் நான்கு எண்கள்

வரிசைமாற்றமா சேர்வா என்று குழம்பி நிற்கும் பிள்ளைக்கு எல்லோரும் சொல்லித் தருவது ஒன்றைத்தான். "வரிசை முக்கியமா என்று பார். முக்கியம் என்றால் வரிசைமாற்றம், இல்லையென்றால் சேர்வு." கூடவே இரண்டு உதாரணங்களும் வந்துவிடும். கதவுப் பூட்டின் ரகசிய எண்ணில் வரிசை முக்கியம், அணித் தேர்வில் முக்கியமில்லை. இதில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனாலும் இந்தப் பதில் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பூட்டுக் கணக்கையும் அணிக் கணக்கையும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். பூட்டு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால், அல்லது அணியில் ஒரு நிபந்தனை சேர்ந்தால், எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் கேள்வியில் "தேர்ந்தெடு", "அடுக்கு" போன்ற சொற்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். கணக்கைப் படிப்பதற்குப் பதிலாகச் சொல்லைத் துழாவுகிறார்கள்.

அண்ணன் மகள் ஒருநாள் என்னிடம் கேட்டது இந்த உறுத்தலை இன்னும் கூர்மையாக்கியது. "அத்தை, டீமிலயும் வரிசை இருக்கே. முதல்ல ஒருத்தரை எடுக்கிறோம், அப்புறம் அடுத்தவரை எடுக்கிறோம். ஒரே நேரத்துல நாலு பேரையும் யாரும் எடுக்கிறதில்லையே. பேப்பர்ல எழுதும்போதும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னுதான் எழுதுறாங்க. அப்புறம் எப்படி வரிசை முக்கியமில்லைன்னு சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. "தேர்ந்தெடுப்பு என்றால் சேர்வு" என்று சொல்லி இதை மூடிவிடுவது எளிது, ஆனால் அவள் சொன்னது உண்மை. தேர்வுக்குழு ஒவ்வொருவராகத்தான் பெயரைச் சொல்லும். செயலில் வரிசை இருக்கிறது. செயல் முடிந்த பிறகு கையில் மிஞ்சுகிற பொருளில் வரிசை இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. "வரிசை முக்கியமா" என்ற கேள்வி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. யாருக்கு முக்கியம், எந்தக் கட்டத்தில் முக்கியம் என்று அது சொல்வதே இல்லை. அதனால் நான் வேறு மாதிரி கேட்கப் பழகிக்கொண்டேன்: முடிவில் கிடைத்ததில் இரண்டை இடம் மாற்றிப் போட்டால் புதிதாக ஒன்று கிடைக்கிறதா, அல்லது பழையதே திரும்ப வருகிறதா?

ஒரே தாள், இரண்டு வாசிப்பு

அவளுக்காக இரண்டு உதாரணங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். கதவில் ஒரு நம்பர் பூட்டு. 0 முதல் 9 வரை பத்துப் பொத்தான்கள். ரகசிய எண்ணில் நான்கு இலக்கங்கள், எந்த இலக்கமும் இரண்டு முறை வராது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இன்னொரு பக்கம், பத்து ஆட்டக்காரர்கள். அவர்களுடைய சட்டை எண்களும் 0 முதல் 9 வரை. அவர்களில் நான்கு பேர் கொண்ட அணி வேண்டும். எண்கள் இரண்டிலும் ஒன்றே: பத்திலிருந்து நான்கு.

முதலில் வெறுமனே எடுத்துக்கொண்டே போவோம். முதல் இடத்துக்கு 10 வழிகள். ஒன்று போய்விட்டதால் இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 8, நான்காவதற்கு 7. பெருக்கினால் 10 × 9 × 8 × 7 = 5040. பூட்டுக்கும் அணிக்கும் இந்தப் படி பொதுவானது. அவள் சொன்ன "முதலில் ஒருவர், அப்புறம் அடுத்தவர்" என்பதும் இதுதான். அணிக் கணக்கும் வரிசையோடுதான் தொடங்குகிறது என்று ஒப்புக்கொண்டால் குழப்பத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

அந்த 5040 வரிசைகளையும் ஒரு பெரிய தாளில் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 2, 5, 7, 9 ஆகிய நான்கு மட்டும் வருகிற வரிசைகளை அவளையே தேடி எழுதச் சொன்னேன். முதலில் 2-இல் தொடங்குபவை, பிறகு 5-இல், 7-இல், 9-இல் என்று முறையாக எழுதினாள்.

```
2579 2597 2759 2795 2957 2975
5279 5297 5729 5792 5927 5972
7259 7295 7529 7592 7925 7952
9257 9275 9527 9572 9725 9752
```

வரிக்கு 6, நான்கு வரிகள், மொத்தம் 24. இதே தாளைப் பூட்டின் முன்னால் நின்று வாசி என்றேன். 2579 என்று அழுத்தினால் திறக்கிற கதவு 2597-க்குத் திறக்காது. இருபத்து நான்கும் இருபத்து நான்கு வெவ்வேறு ரகசிய எண்கள். அடுத்து இதே தாளைத் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எல்லாமே ஒரே டீம்தான் அத்தை. ஒரே டீமை இருபத்து நாலு தடவை எழுதி வச்சிருக்கேன்" என்றாள்.

இந்த இடம்தான் எனக்குத் திருப்பம். தாள் மாறவில்லை, எழுத்து மாறவில்லை. பார்க்கிறவர் எதை ஒன்று என்று எண்ணுகிறார் என்பது மட்டும் மாறியது. பூட்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தாளில் 24 பொருள்கள். அணி வேண்டுபவருக்கு ஒரு பொருளும் அதன் 24 பிரதிகளும். 2, 5, 7, 9-க்கு நடந்தது 0, 1, 3, 8-க்கும் நடக்கும், எந்த நால்வருக்கும் நடக்கும். நான்கு பேரை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக அடுக்கலாம், அதற்கு ஒன்று கூடவோ குறையவோ முடியாது. ஆகவே 5040 வரிசைகள் உள்ள பெரிய தாளில் ஒவ்வொரு அணியும் சரியாக 24 முறை எழுதப்பட்டிருக்கிறது. 5040-ஐ 24-ஆல் வகுத்தால் 210. அதுதான் அணிகளின் எண்ணிக்கை.

n பேரில் r பேரை எடுக்கும் சேர்வுக்கான nCr சூத்திரத்தின் கீழே r!, அதாவது r-இலிருந்து 1 வரை பெருக்கிய எண், உட்கார்ந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுதான் முழு விடை. வரிசைமாற்றமும் சேர்வும் இரண்டு தனித்தனிச் சூத்திரங்கள் என்று நினைத்தால் இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். எண்ணுவது ஒரே விதமாகத்தான், சில சமயம் பிரதிகளை நீக்க வகுக்க வேண்டும் என்று புரிந்துவிட்டால் இரண்டாவது சூத்திரம் தேவையே இல்லை.

பழைய கணக்கு ஒன்று இதற்கு அழகாகப் பொருந்துகிறது. பாஸ்கராச்சாரியார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதியில், சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கையும் நான்கு கைகளில் மாற்றி மாற்றி ஏந்தினால் திருமாலுக்கு எத்தனை வடிவங்கள் என்று ஒரு கேள்வி வருகிறது. விடை 24. எந்தக் கையில் எது என்பதை வைத்துத்தான் வடிவங்களை வேறுபடுத்துகிறார்கள். அதனால் அங்கே இருபத்து நான்கும் நிற்கும், வகுக்க எதுவும் இல்லை. நான்கு பொருள்களையும் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டிருந்தால் விடை ஒன்றுதான்.

வரிசை தெரியாத பூட்டு

பூட்டு என்றாலே வரிசைமாற்றம் என்று பதிந்துபோன மனத்துக்கு நல்ல சோதனை, மின்சாரமோ பேட்டரியோ இல்லாத இயந்திரப் பொத்தான் பூட்டுகள். கிட்டங்கிக் கதவுகளிலும் அலுவலகப் பின்வாசல்களிலும் இவற்றைப் பார்க்கலாம். பொத்தான்களை அழுத்திவிட்டுக் குமிழைத் திருகினால் திறக்கும். இவற்றில் பல வகைகளில் 2579 என்ற எண்ணை 9752 என்று அழுத்தினாலும் கதவு திறந்துவிடும்.

பழுதல்ல, உள்ளே இருக்கும் அமைப்பே அப்படி. ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் ஒரு சிறு உலோகத் துண்டு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது உள்ளே நகர்ந்து அங்கேயே நிற்கும். ரகசிய எண்ணுக்குரிய துண்டுகளில் வெட்டு ஒரு இடத்திலும் மற்றவற்றில் வேறு இடத்திலும் இருக்கும். சரியான துண்டுகள் உள்ளே நகர்ந்தும் மற்றவை நகராமலும் இருந்தால் வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து குமிழுக்கு வழிவிடும். தவறாக அழுத்திவிட்டால் அழிப்புப் பொத்தான் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எந்தத் துண்டு முதலில் நகர்ந்தது என்பதை இந்த அமைப்பில் எதுவும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அழுத்தப்பட்டதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் ஒருமுறை அழுத்தியதாகவே கணக்கு.

ஆகவே இந்தப் பூட்டு உண்மையில் ஓர் அணியைக் கேட்கிறது. பத்துப் பொத்தான்களில் நான்கை எடுக்கும் விதங்கள் 210 மட்டுமே. வெளியிலிருந்து பார்த்தால் வரிசையைப் பார்க்கும் பூட்டைப் போலவே இருக்கும், பத்துப் பொத்தான்களும் இருக்கும், வீட்டுக்காரர் நான்கு இலக்க எண்ணைத்தான் மனப்பாடம் செய்திருப்பார். ஆனால் 5040 என்று நினைத்த இடத்தில் 210 தான் இருக்கிறது. ஒரு முயற்சிக்கு 5 விநாடி என்று வைத்தால், வரிசையைப் பார்க்கும் பூட்டில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க 7 மணி நேரம் ஆகும். இதில் பதினேழரை நிமிடம். இயந்திரப் பூட்டு என்பதால் சில தவறுகளுக்குப் பிறகு தானாக முடங்கிக்கொள்ளும் வசதியும் இருக்காது. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. ஐந்து பொத்தான்களுக்கு 252 விதங்கள், அதுதான் உச்சம். ஆறுக்குப் போனால் மறுபடி 210. பத்தில் ஆறை அழுத்துவது என்பது அழுத்தாத நான்கைத் தேர்ந்தெடுப்பதுதானே.

அதனால் கேள்வியில் "பூட்டு" என்று வந்தால் வரிசைமாற்றம் என்று எழுதச் சொல்லிக்கொடுப்பதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பூட்டு என்ற சொல்லுக்குள் விடை இல்லை. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினால் கதவு என்ன செய்கிறது என்பதில்தான் விடை.

வரிசையைக் கேட்கும் அணி

அணியின் பக்கமும் இதே கதைதான். 210 அணிகள் என்று கண்டுபிடித்தோம். இப்போது ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன் வேண்டும் என்று சொல்லுங்கள். 2, 5, 7, 9 அணியில் 2 கேப்டனாக இருப்பதும் 5 கேப்டனாக இருப்பதும் இனி வெவ்வேறு. ஆனால் மற்ற மூவரும் தங்களுக்குள் இடம் மாறினால் இன்னும் எதுவும் மாறுவதில்லை. ஒவ்வொரு அணியும் 4 ஆகப் பிரிகிறது, 210 × 4 = 840. வேறு வழியில் சரிபார்க்கலாம்: முதலில் கேப்டனை 10 வழிகளில் எடுத்து, மீதி ஒன்பது பேரில் மூவரை 84 வழிகளில் எடுத்தால் 10 × 84, அதே 840.

இது வரிசைமாற்றமா சேர்வா? இரண்டும் இல்லை, இரண்டும்தான். nPr, nCr என்ற இரண்டு பெட்டிகள் மட்டுமே கொண்டுவந்த மாணவர் இங்கே நின்றுவிடுவார். பிரதிகளைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது சிக்கலே இல்லை. 5040 வரிசைகளில் முதல் இடத்தைக் கேப்டன் என்று வைத்துக்கொண்டால் மீதி மூவர் 6 விதமாக மாறி மாறி வருகிறார்கள், அந்த ஆறும் ஒன்றே. 5040-ஐ 6-ஆல் வகுத்தால் 840. துணைக் கேப்டனும் வேண்டும் என்றால் மீதி இருவர் மட்டுமே இடம் மாறலாம், 2-ஆல் வகுத்து 2520.

கடைசியில் 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டம். அங்கே அணி என்பதே ஓடும் வரிசைதான். முதலாமவர் குனிந்த நிலையிலிருந்து பாய்ந்து வளைவில் ஓட வேண்டும், இரண்டாமவருக்கு நேர்ப்பாதை, மூன்றாமவருக்கு மறுபடி வளைவு, நான்காமவர் யாருக்கும் கோலைக் கைமாற்ற வேண்டியதில்லை. இரண்டு பேரை இடம் மாற்றினால் ஓட்டமே வேறாகிவிடும். எதையும் வகுக்க வேண்டாம், 5040 அப்படியே நிற்கும். பத்துப் பேர், நான்கு இடங்கள் என்பது மாறவே இல்லை. வேலைகள் எந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்து 210-லிருந்து 840, 2520 வழியாக 5040-க்கு வந்துவிட்டோம்.

வகுக்கக் கூடாத இடம்

இதுவரை வகுத்தல் நமக்குச் சமர்த்தாக வேலை செய்தது. அதற்கு ஒரே காரணம்தான்: ஒவ்வொரு அணியும் தாளில் சமமான எண்ணிக்கையில் இருந்தது. எல்லாம் 24 முறை, அல்லது எல்லாம் 6 முறை. இந்தச் சமம் குலைந்தால் வகுக்க முடியாது. தேர்வுகளில் அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான், "வரிசை முக்கியமா" என்ற கேள்வி இதில் எந்த உதவியும் செய்வதில்லை.

பத்து ஆட்டக்காரர்களில் ஆறு பேர் மூத்தவர்கள், நான்கு பேர் இளையவர்கள். நான்கு பேர் அணியில் குறைந்தது ஒரு இளையவராவது இருக்க வேண்டும். எத்தனை அணிகள்? நிறையப் பேர் எழுதும் விடை இப்படிப் போகும். நிபந்தனையை முதலிலேயே நிறைவேற்றிவிடலாம், நான்கு இளையவர்களில் ஒருவரை 4 வழிகளில் எடு. மீதி ஒன்பது பேரில் யாரையாவது மூவரை 84 வழிகளில் எடு. 4 × 84 = 336. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரியாகவே தோன்றும்.

ஆனால் நிபந்தனையே இல்லாதபோது மொத்த அணிகள் 210 தான். நிபந்தனை போட்ட பிறகு 336 எப்படி வரும்? எங்கோ ஒரே அணி பலமுறை எண்ணப்பட்டிருக்கிறது. எங்கே என்று பார்க்க, 1, 2 ஆகிய இருவரும் இளையவர்கள், 7, 8 மூத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1-ஐ முதலில் எடுத்து, பிறகு 2, 7, 8 மூவரையும் எடுத்தால் ஓர் அணி. 2-ஐ முதலில் எடுத்து, பிறகு 1, 7, 8 மூவரையும் எடுத்தாலும் அதே அணி. அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. அணியில் எத்தனை இளையவர்களோ அத்தனை முறை அது எண்ணப்படுகிறது. "முதலில் எடுத்த இளையவர்" என்று நாமே ஒரு பதவியை உண்டாக்கிவிட்டோம், ஆனால் கேள்வியில் அப்படி ஒரு பதவி கிடையாது.

முழுதாகவே எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு இளையவர் உள்ள அணிகள் 80, இருவர் உள்ளவை 90, மூவர் உள்ளவை 24, நால்வரும் இளையவராக உள்ளது 1. கூட்டினால் 195, அதுதான் சரியான விடை. 336 வந்த வழியில் இவை முறையே ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, நான்கு முறை எண்ணப்பட்டன: 80 + 180 + 72 + 4 = 336. 336-ஐ எந்த ஒரு எண்ணால் வகுத்து 195-ஐ வரவழைப்பது? அப்படி ஒரு முழு எண்ணே இல்லை. ஏனென்றால் பிரதிகள் சமமாக இல்லை. இந்த இடத்தில் வகுத்தலை விட்டுவிட்டுக் கழித்தலுக்குப் போவதுதான் நேர்வழி: இளையவரே இல்லாத அணிகள் 15, 210-லிருந்து கழித்தால் 195.

இந்தக் கணக்கில் விடை 210-ஐத் தாண்டியதால் தவறு கண்ணில் பட்டது. எப்போதும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எட்டு மூத்தவர்கள், இரண்டு இளையவர்கள் என்று மாற்றிப் பாருங்கள். தவறான வழியில் 2 × 84 = 168 வரும், 210-க்குள்தான் இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. சரியான விடை 140. அதனால் மொத்தத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எழுதிய வழியில் ஏதோ ஒரு அணியை எடுத்துக்கொண்டு, இது என் கணக்கில் எத்தனை முறை வருகிறது என்று கேட்க வேண்டும். பிறகு சற்று வேறுபட்ட இன்னொரு அணியை எடுத்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றாக இல்லாவிட்டால் வழியே தவறு.

தேய்ந்த பொத்தான்கள்

மறுபடி பூட்டுக்கு வருகிறேன், இந்தமுறை வரிசையைப் பார்க்கும் சாதாரண மின்னணுப் பூட்டு, இலக்கங்கள் திரும்ப வரவும் தடையில்லை. ஆக மொத்தம் 0000 முதல் 9999 வரை 10,000 ரகசிய எண்கள். ஒரே எண்ணை நீண்டகாலம் மாற்றாமல் வைத்திருந்தால் அந்தப் பொத்தான்கள் மட்டும் மழுங்கும், மேலே அச்சிட்ட எழுத்து அழியும், விரல் எண்ணெய் படிந்து பளபளக்கும். வெளியாள் ஒருவர் வந்து பார்த்தால் எந்த இலக்கங்கள் என்பது தெரிந்துவிடும், வரிசை மட்டும் தெரியாது. 10,000-இல் எத்தனை மிஞ்சும்?

நான்கு பொத்தான்கள் தேய்ந்திருந்தால் 24. நாம் எழுதிய அதே தாள்தான். இரண்டு நிமிடத்தில் முயன்று முடித்துவிடலாம். அந்த வரிசை தெரியாத இயந்திரப் பூட்டாக இருந்தால் தேய்மானமே ரகசிய எண், முயலவே வேண்டியதில்லை.

மூன்று பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால்? இதை அண்ணன் மகளிடம் கேட்டபோது, "குறைஞ்ச எண்கள்தானே, குறைவாத்தான் வரும்" என்றாள். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். தேய்ந்தவை 2, 5, 7 என்று வைத்துக்கொள்வோம். நான்கு இடங்களில் மூன்று இலக்கங்கள் என்றால் ஏதோ ஒன்று இரண்டு முறை வந்தாக வேண்டும். 2 இரண்டு முறை என்று முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டு 2-களுக்கும் தற்காலிகமாக வேறு வேறு நிறம் கொடுத்தால் 24 அடுக்குகள். நிறத்தை நீக்கினால் ஒவ்வொரு ரகசிய எண்ணும் சரியாக இரண்டு பிரதிகளாக இருக்கும், ஏனென்றால் நிறங்களை இடம் மாற்றினாலும் பூட்டுக்கு வித்தியாசம் தெரியாது. பிரதிகள் சமம், ஆகவே இங்கே வகுக்கலாம்: 12. இரண்டு முறை வருவது 2, 5, 7 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 3 × 12 = 36.

முப்பத்தாறு, இருபத்து நான்கைவிட அதிகம். தேய்ந்த பொத்தான் ஒன்று குறைந்தும் திருடனுக்கு வேலை கூடியிருக்கிறது. எது திரும்ப வருகிறது என்ற இன்னொரு அறியாமை அவனுக்குச் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் இதை நம்பி இலக்கத்தைத் திரும்ப வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இரண்டு முறை அழுத்தப்படும் பொத்தான் மற்ற இரண்டையும்விடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்த அறியாமையும் போய்விடும், 36 சட்டென்று 12 ஆகிவிடும். எண்ணை அவ்வப்போது மாற்றித் தேய்மானத்தை எல்லாப் பொத்தான்களுக்கும் பரப்புவதுதான் உண்மையான வழி.

இரண்டு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வாய்ப்பு, 16. அதில் நான்கும் ஒரே இலக்கமாக வரும் இரண்டைத் தள்ளினால் 14. ஒரே பொத்தான் தேய்ந்திருந்தால் 1.

இவை சரிதானா என்று அவள் கேட்டாள், கேட்க வேண்டிய கேள்வி. எந்த இலக்கங்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பதில் வரிசை இல்லை, அது அணி. அவற்றை நான்கு இடங்களில் அடுக்குவதில் வரிசை உண்டு, அது பூட்டு. ஒவ்வொரு ரகசிய எண்ணும் இந்த நான்கு வகைகளில் ஏதோ ஒன்றில், ஒரே ஒருமுறைதான் வர முடியும். பத்தில் நான்கு இலக்கங்களை எடுக்க 210 வழிகள், ஒவ்வொன்றுக்கும் 24: 5040. மூன்றை எடுக்க 120 வழிகள், ஒவ்வொன்றுக்கும் 36: 4320. இரண்டை எடுக்க 45 வழிகள், ஒவ்வொன்றுக்கும் 14: 630. ஒன்றை எடுக்க 10 வழிகள், ஒவ்வொன்றுக்கும் 1: 10. நான்கையும் அவளே கூட்டினாள். 10,000 வந்தது.